குரல்பதிவிலிருந்து வணிகக் கடிதம்

ஓப்பநாயக்கவில் எங்கள் வாப்பா மிளகு வாங்கி மொத்தக் கடைக்கு அனுப்புகிறார். கடிதம் எழுத வேண்டியிருந்தால் போனில் குரல்பதிவு அனுப்புவார். அதைக் கடிதமாக்குவது என் வேலை. ஒரு முறை ஒரேயொரு "புள்ளி"யில் தடுமாறினேன்.

பதிவு இதுதான்:

"மகள், மொத்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்க. போன செவ்வாய் மிளகு அனுப்பினோம் புள்ளி மொத்த நிறை அறுபத்திரண்டு புள்ளி ஐந்து மூட்டை புள்ளி அறுபது கிலோவுக்குத்தான் காசு வந்திருக்கு புள்ளி புதுப் பந்தி மிச்சக் காச மாத முடிவுக்குள்ள, இல்ல அத வெட்டுங்க, பதினாலு நாளைக்குள்ள அனுப்பச் சொல்லுங்க புள்ளி"

முதலில் ஒரு சொல்லும் விடாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கடிதத்தில் வரவேண்டியவை ஒரு வகை. "புள்ளி", "புதுப் பந்தி", "அத வெட்டுங்க" போன்ற கட்டளைகள் இரண்டாவது வகை. இவற்றைச் செய்ய வேண்டும், எழுதக் கூடாது. "மகள், எழுதுங்க" என்பது என்னோடு பேசியது. அது மூன்றாவது வகை.

நான் அவசரத்தில் 62.5 கிலோ என்று எழுதிவிட்டேன். திரும்ப வாசித்தபோது "மூட்டை" என்ற சொல் எங்கும் சேராமல் தனியே நின்றது. ஒரு சொல் மிஞ்சினால், முன்னால் ஏதோ கட்டளையைப் பிழையாக எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். நிறுவைக் கொப்பியைப் பார்த்தேன்: 12, 12, 13, 12, 13. ஐந்து மூட்டை, மொத்தம் 62 கிலோ. வாப்பா சொன்னது தசமப் புள்ளியல்ல, முற்றுப்புள்ளி. கிலோ 1,500 ரூபா. எங்களுக்கு வரவேண்டியது 3,000 ரூபா. நான் எழுதியபடி போயிருந்தால் 3,750 கேட்டிருப்போம். அடுத்த முறை எங்கள் கணக்கை யார் நம்புவார்கள்?

"போன செவ்வாய்" என்பதையும் திகதியாக்க வேண்டும். பதிவு வந்தது 2024.01.13, சனிக்கிழமை. நான் எழுத உட்கார்ந்தது 17ஆம் திகதி, புதன். பதிவு வந்த நாளிலிருந்து எண்ணினால் 9ஆம் திகதி. எழுதும் நாளிலிருந்து எண்ணினால் 16 என்று பிழையாகிவிடும்.

அனுப்புநர் முகவரி, திகதி, பெறுநர் முகவரி, "ஐயா", தலைப்பு ஆகியவற்றை வாப்பா சொல்லவில்லை; அவற்றை நானே சேர்த்தேன். உடல் பகுதி இப்படி அமைந்தது:

மிளகுக்கான மீதிப் பணம்

2024.01.09ஆம் திகதி ஐந்து மூட்டைகளில் 62 கிலோ மிளகு அனுப்பினோம். 60 கிலோவுக்கான பணமே கிடைத்துள்ளது.

மீதி 2 கிலோவுக்குரிய 3,000 ரூபாவை 14 நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள

இதன் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். வசனம் முடிந்தால் வாப்பா "முற்றுப்புள்ளி" என்று முழுதாகச் சொல்வார். நிறைக்கு "புள்ளி" என்ற சொல்லே கிடையாது. "அறுபத்திரண்டரைக் கிலோ" அல்லது "அறுபத்திரண்டு கிலோ முந்நூறு கிராம்" என்பார். கையொப்பமிட முன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.