ஃபாலோயர் எண்ணிக்கை மட்டும் போதாது

ஆனேக்கல்லில் பட்டுச் சேலை விற்பவர், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் தர இரண்டு பக்கங்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 80,000 ஃபாலோயர்கள், இன்னொன்றுக்கு 6,000. கடைசி 10 பதிவுகளின் லைக், கமென்ட்டுகளைக் கூட்டிப் பத்தால் வகுங்கள். அந்தச் சராசரியை ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈடுபாட்டு விகிதம் கிடைக்கும். பெரிய பக்கத்தின் சராசரி 400 என்றால் 0.5%, சின்னதில் 300 என்றால் 5%. ஃபாலோயர் கணக்கில் எப்போதோ சேர்ந்து மறந்தவர்களும், காசுக்கு வாங்கிய போலிகளும் இருக்கலாம். பெரிய பக்கம் பத்து மடங்கு கட்டணம் கேட்டாலும் கூடுதலாக வருவது 100 லைக், கமென்ட்டுகள்தான். பரிசுப்போட்டிப் பதிவுகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவை விகிதத்தை வீணாக ஏற்றிக் காட்டும். சின்னப் பக்கங்களில் விகிதம் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.