படத்துக்கு வரிசை, வேலைக்கு விலை

ஆன்லைன் கடையில் கேட்டலாக் பார்க்கும் வேலையில் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே இப்படி ஒரு பணி வரும். காரைக்குடிப் பக்கம் ஓலை பின்னும் ஓர் அக்கா, தான் பின்னிய கொட்டான்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். எதை முதலில் போடுவது, எதற்கு எவ்வளவு விலை வைப்பது என்று மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பலரும் இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். பளிச்சென்று இருக்கும் படம் மேலே போகிறது, அதற்கே கூடுதல் விலையும் விழுகிறது. மங்கலான படத்தில் இருக்கும் நல்ல கொட்டான் கடைசி வரிசையில் மலிவு விலையில் கிடக்கிறது. வரிசையைத் தீர்மானிப்பது படம். விலையைத் தீர்மானிப்பது பின்னல். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், விலையை முதலில் முடியுங்கள்.

கொட்டானின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஓலையின் அகலத்தில். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, நீளவாக்கில் கிழித்துத்தான் பின்னுகிறார்கள். 15 செ.மீ. சதுர அடிப்பாகத்தை 6 மி.மீ. ஓலையில் பின்னினால் ஒரு பக்கத்துக்கு 25 ஓலை, ஓலை மேல் ஓலை ஏறி இறங்கும் இடங்கள் 625. அதே அளவை 3 மி.மீ. ஓலையில் பின்னினால் பக்கத்துக்கு 50 ஓலை, ஏறி இறங்கும் இடங்கள் 2,500. அகலம் பாதியானால் கைவேலை நான்கு மடங்காகிறது. மெல்லிய ஓலை சீக்கிரம் பிளக்கும் என்பதால் கழிவும் கூடும்.

இந்த வித்தியாசம் சாதாரணப் படத்தில் தெரியாது. ஒன்றைக் கிட்டே போய் எடுத்திருப்பார், இன்னொன்றைத் தள்ளி நின்று எடுத்திருப்பார். இரண்டும் திரையில் ஒரே அளவில்தான் நிற்கும். இதற்கு ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் குறுக்களவு 27 மி.மீ. கொட்டானின் மூடி மேலோ அடிப்பாகத்தின் மேலோ நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓலைக்குக் குறுக்காக நாணயத்தின் அகலத்தில் எத்தனை ஓலை வருகிறது என்று எண்ணுங்கள். நான்கைந்து வந்தால் அகல ஓலை, ஒன்பது வந்தால் மெல்லியது. சாய்வாக எண்ணினால் கணக்குத் தப்பும்.

கூடவே உட்புறத்துக்கு ஒரு படமும் கேட்க வேண்டும். விளிம்பில் தைத்த லேஸும் மணியும் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணைக் கட்டிவிடும். உள்ளே பார்த்தால்தான் ஓலை நுனிகளைச் செருகி மறைத்திருக்கிறாரா, நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா, மூலைகள் ஒரே கோணத்தில் எழும்பியிருக்கின்றனவா என்பது தெரியும். எல்லாப் படங்களும் ஒரே இடத்தில், திண்ணை நிழலிலோ ஜன்னல் ஓரத்திலோ எடுத்ததாக இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழே சாயமேற்றாத ஓலைகூடப் பொன்னிறமாகத் தெரியும். அதை நம்பி வாங்கியவர் வெளிர்நிறக் கொட்டானைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், அது விளிம்பை மழுக்கிவிடுகிறது. படங்களை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஓலை கலங்காது.

இரண்டு கொட்டான்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அடி 15 செ.மீ., இரண்டுக்கும் மூடி உண்டு. ஒன்று சிவப்புச் சாயம், விளிம்பில் லேஸ், காலை வெளிச்சத்தில் அழகான படம். மற்றது சாயமே இல்லாத வெள்ளோலை, டியூப்லைட்டில் எடுத்த சோகையான படம். எந்தப் புதியவரும் சிவப்புக்குத்தான் கூடுதல் விலை வைப்பார். நாணயப் படம் வந்ததும் கதை மாறுகிறது. சிவப்பில் நான்கரை ஓலை, வெள்ளோலையில் ஒன்பது. போன் போட்டுக் கேட்டால் அந்த அக்காவே சொல்வார்: “சிவப்பு ஒரு பொழுதுல முடிஞ்சிரும் தம்பி. அந்த வெள்ளை ரெண்டு நாள் இழுத்துரும், கண்ணு வலிக்கும்.”

ஏறி இறங்கும் இடங்கள் நான்கு மடங்கு என்பதற்காக விலையும் நான்கு மடங்காகாது. ஓலை பதப்படுத்துவது, விளிம்பு கட்டுவது எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் படத்தை வைத்து ஊகித்ததை, பின்னியவர் சொல்லும் மணிக்கணக்கோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். சிவப்புக்கு 5 மணி, வெள்ளோலைக்கு 14 மணி, மணிக்கு 80 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக்குப் பொருள் செலவு 140 சேர்த்து அடக்கம் 540 ரூபாய். வெள்ளோலைக்கு லேஸும் சாயமும் இல்லாததால் பொருள் 90 தான், ஆனால் அடக்கம் 1,210 ரூபாய்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கடையின் பங்கு விற்பனை விலையில் 30 சதவீதம் என்றால், 540-உடன் 30 சதவீதம் கூட்டி 702 என்று போட்டுவிடுகிறார்கள். 702-இல் கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 491. நஷ்டம் பின்னியவர் தலையில் விழுகிறது. அடக்கத்தை 0.7-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சிவப்பு 775, வெள்ளோலை 1,730 என்று நிற்கும். பேக்கிங் செலவு இதற்கு மேல்.

இனி வரிசை. இப்போது படங்களைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், வாடிக்கையாளர் போனில் காண்பது அந்த அளவில்தான். அப்போதும் இது மூடி போட்ட கொட்டான் என்று சட்டென்று புரிகிற படம் முதலில் வரலாம். நம் கணக்கில் அது சிவப்பு. அதற்கு அடுத்த இடத்தில் வெள்ளோலையை வையுங்கள், ஆனால் முகப்புப் படத்தை மாற்றி எடுத்த பிறகு. வெளிர்நிறப் பொருளுக்கு அடர்த்தியான பின்னணி வேண்டும், ஒரு கரும்பச்சைப் புடவையை விரித்தாலே போதும். இரண்டாவது படமாக நாணயப் படத்தைச் சேர்த்துவிடுங்கள். 775-க்கும் 1,730-க்கும் என்ன வித்தியாசம் என்று வாங்குபவர் கேட்காமலே அது பதில் சொல்லிவிடும்.

ஒரே ஒரு உருப்படி மட்டும் கையில் இருந்தால் அதை முதலிடத்தில் வைக்காதீர்கள். விற்றுப்போன பிறகு அந்த இடம் வீணாகிறது. ‘இருப்பில் இல்லை’ என்ற வரிதான் கடைக்குள் வருகிறவரை வரவேற்கும். திரும்பப் பின்னித் தரக்கூடியதே முன்னால் நிற்க வேண்டும். தாம்பூலத்துக்குக் கொடுக்கும் சின்னக் கொட்டான்களைக் கார்த்திகையிலேயே மேலே ஏற்றிவிடலாம். தை முகூர்த்தத்துக்கு நூறு வேண்டும் என்று கேட்பவர், பின்னுவதற்கு நாள் கொடுத்துக் கேட்கட்டும்.

விலைப் பட்டியலைப் பதிவேற்றும் முன் அந்த அக்காவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள், மணிக்கணக்கோடு சேர்த்து. அவர் சரி என்று சொன்ன பிறகு வெளியிடுங்கள்.