கறுப்புத் தாள் வெளுத்தால் பணமா?

கேள்வி: கறுப்புத் தாள் ஒன்றை மருந்தில் கழுவி, என் கண் முன்னாலேயே 500 ரூபாய் நோட்டாக்கிக் காட்டினார் ஒருவர். பெட்டி நிறைய வைத்திருக்கிறாராம். மருந்து வாங்க மட்டும் பணம் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகர், சேவுகம்பட்டி

பதில்: நீங்கள் பார்த்தது நிஜ நோட்டுதான். அதில்தான் சூதே இருக்கிறது. நல்ல நோட்டின் மேல் பசை பூசிக் காயவைத்து, அதன்மேல் டிஞ்சர் அயோடின் தடவினால் கருமையாகிவிடும். 'அபூர்வ மருந்து' என்பது பெரும்பாலும் வைட்டமின் சி மாத்திரை கரைத்த தண்ணீர், இல்லையென்றால் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருந்த ஹைப்போ. இரண்டுமே அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். கறை போகும், நோட்டு தெரியும். பள்ளி வேதியியல்தான்!

அப்படிச் செய்த நோட்டுகள் கட்டின் மேலே இரண்டு மூன்று இருக்கும். மீதியெல்லாம் அளவாக வெட்டிய வெறும் கறுப்புக் காகிதம். நடுவிலிருந்து நீங்களே ஒன்றை உருவிக் கழுவக் கேட்டால், மருந்து தீர்ந்துவிட்டது என்பார். நீங்கள் எடுத்ததைக் கைமாற்றி, நல்லதைக் கழுவிக் காட்டும் கைகாரர்களும் உண்டு. ஆகவே இந்தச் சோதனையையும் முழுதாக நம்பாதீர்கள்.

மருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மறைவது ஒரு வகை. இன்னொன்று இதைவிட மோசம்: உங்கள் நல்ல நோட்டுகளைக் கறுப்புத் தாள்களுக்கு இடையில் அடுக்கி, மருந்து தெளித்துக் கட்டி, "ஒரு நாள் பிரிக்காதீர்கள், சாயம் ஒட்டி இரட்டிப்பாகும்" என்பார்கள். கட்டும்போதே பொட்டலம் மாறிவிடும். அந்த ஒரு நாள் அவர் ஊர் தாண்டுவதற்கு.

அவர் மறுபடி வருவதற்குள் 100-க்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தாலும் தயங்காமல் புகார் கொடுங்கள். இது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி மோசடி. அவர் விட்டுப்போன தாளையும் புட்டியையும் கழுவிவிடாமல் அப்படியே போலீசாரிடம் ஒப்படையுங்கள்.