விபத்து அறிக்கை: எழுதும் முறையும் பயனும்

தொழிற்சாலையில் காயமுற்றவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாது போனால், அதனை உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2020 ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கால அளவு உள்ளது. எனவே விபத்து நேர்ந்த மணியையும் நிமிடத்தையும் குறிப்பதே அறிக்கையின் முதற்பணி. எஞ்சியவற்றை ஒரு மாதிரி நிகழ்ச்சியால் விளக்கலாம்.

தகடு வெட்டும் பிரஸ் ஒன்றில், மாலை 4.10 மணிக்குத் தகட்டுத் துண்டு கீழச்சில் சிக்கியது. இயக்குபவர் அதனை இடக்கையால் எடுக்க முயன்றார். அவ்வேளையில் வலக்கை பொத்தானை அழுத்தவே, மேலச்சு இறங்கி இடக்கைச் சுட்டுவிரல் நுனி நசுங்கியது. 4.11க்குப் பக்கத்து எந்திரக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார். 4.15க்கு முதலுதவி தரப்பட்டது, 4.40க்குக் காயமுற்றவர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இயங்க வேண்டிய எந்திரம் இது. அவ்வாறாயின் ஒரு கை எப்படி அச்சுக்குள் சென்றது?

இதற்கு விடை சாட்சியங்களில் உள்ளது. சாட்சிகளின் பெயர், பணி எண், அப்போது நின்ற இடம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பக்கத்து எந்திரக்காரர் கை உள்ளே சென்றதையும் அச்சு இறங்கியதையும் கண்டவர். மேற்பார்வையாளரோ 4.13க்கு வந்தவர், இடப் பொத்தானில் மரத்துண்டு செருகப்பட்டிருந்ததை மட்டுமே கண்டவர். விபத்து நேர்ந்த விதத்தைப் பற்றி அவர் கூறுவது கேள்வியறிவே. அதனை நேரிற் கண்டதாகப் பதிவு செய்தல் கூடாது.

பலர் இவ்விடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என எழுதி முடித்துவிடுகின்றனர். ஆனால் பணிப் பதிவேட்டைப் புரட்டினால், துண்டை வெளியே தள்ளும் சுருள்வில் தளர்ந்துவிட்டதென இரு நாட்களுக்கு முன்பே எழுதப்பட்டிருப்பது தெரிய வருகிறது. வில் தளர்ந்ததால் துண்டு சிக்கியது; சிக்கியதை எடுக்கக் கொக்கி இல்லாததால் கை உள்ளே சென்றது; ஒரு பொத்தான் கட்டுண்டிருந்தும் மின்சுற்று எந்திரத்தை இயங்கவிட்டது. கவனக்குறைவு என்ற சொல் இம்மூன்றையும் மறைத்துவிடும்.

தொடர் நடவடிக்கைகள் இக்காரணங்களுக்கு நேரே அமைய வேண்டும். எந்திரத்தை மீண்டும் ஓட்டுமுன் பராமரிப்புப் பொறுப்பாளர் வில்லை மாற்றுதல். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் இரு பொத்தான்களையும் விட்டு அழுத்தினாலன்றி இயங்காதவாறு மின்பிரிவினர் சுற்றைத் திருத்துதல். மேற்பார்வையாளர் கொக்கி வழங்குதல். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் முடிக்கும் நாளும் குறிக்கப்பட்டு, வேறொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்பதைப் பொறுத்தே ஊழியர் அரசு ஈட்டுறுதியின் ஊனப்பயன் அமைகிறது. அதற்கு அன்று மாலையே எழுதப்பட்ட அறிக்கை முதன்மையான ஆதாரங்களுள் ஒன்றாகும்.