தவணை கடந்த பணியும் மேலதிகாரிக்கு எழுதும் நினைவூட்டலும்

தமக்குக் கீழே பணிபுரிபவர் வேலையைத் தாமதித்தால் கேட்பது எளிது. தம்மைவிட மூத்தவர் தாமதிக்கும்போதுதான் பலருடைய பேனா தயங்குகிறது. தயக்கத்தால் கெஞ்சும் மடல் ஒன்றை எழுதுகிறோம். அது பயன் தராதபோது, சினத்தில் எல்லோருக்கும் நகல் அனுப்பிக் குற்றஞ்சாட்டும் மடல் ஒன்றை எழுதுகிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை, நம் வாடிக்கையாளர்களான சிறு தொழில் நிறுவனங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு நிகழ்வைக் கொண்டு இங்குக் காண்போம்.

ரொக்கக் கடன் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் மாதந்தோறும் சரக்கு இருப்பு அறிக்கையை வங்கிக்கு அளிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட கடன் வரம்பு எதுவாயினும், அதற்குள் எவ்வளவு எடுக்கலாம் என்பதை இவ்வறிக்கையிலிருந்து கணக்கிடப்படும் டிராயிங் பவரே தீர்மானிக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையின் அடிப்படையில் நிற்கும் நிலுவை ஒழுங்கற்றதாகக் கருதப்படும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், தொழில் நடந்துகொண்டிருந்தாலும் அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஆகவே, நிறுவனத்துக்குள் ஒருவர் தர மறந்த கணக்கு, நிறுவனம் முழுவதையும் பாதிக்க வல்லது.

நாம் எடுத்துக்கொள்ளும் நிறுவனம் பம்பு உதிரிபாகங்கள் செய்வது என வைத்துக்கொள்வோம். அதன் கடன் வரம்பு 50 லட்சம் ரூபாய். எடுத்துள்ள நிலுவை 40 லட்சம். ஆகஸ்ட் மாத அறிக்கை செப்டம்பர் 10ஆம் தேதிக்குள் வங்கிக்குச் சேர வேண்டும். மூன்று கிடங்குகளின் இருப்புக் கணக்கை 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அளிப்பதாக ஆலைத் தலைவர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்; கூட்டக் குறிப்பிலும் அது பதிவாயிற்று. கணக்கு வரவில்லை. அதைக் கேட்க வேண்டியவர் அவரைவிட வயதிலும் பதவியிலும் இளைய கணக்கு அலுவலர்.

சனிக்கிழமை காலை அவர் எழுத வேண்டிய முதல் மடல் ஆலைத் தலைவருக்கு மட்டுமே செல்ல வேண்டும். முதல் நினைவூட்டலிலேயே நிர்வாக இயக்குநருக்கு நகல் வைப்பது, கேட்பதற்கு முன்பே புகார் செய்வதாகும். மடல் இவ்வாறு அமையலாம்:

"பொருள்: ஆகஸ்ட் இருப்புக் கணக்கு – திங்கள் (8ஆம் தேதி) நண்பகலுக்குள் தேவை. மதிப்பிற்குரிய ஐயா, 1ஆம் தேதிக் கூட்டத்தில் முடிவானபடி மூன்று கிடங்குகளின் இருப்புக் கணக்கு நேற்று கிடைக்க வேண்டியிருந்தது. வங்கிக்கு 10ஆம் தேதி அளிக்க வேண்டியிருப்பதாலும், சரிபார்க்க ஒரு நாள் தேவைப்படுவதாலும், திங்கள் நண்பகலுக்குள் அனுப்ப வேண்டுகிறேன். ஏதேனும் ஒரு கிடங்கில் தடை இருப்பின், தயாராக உள்ளவற்றை முதலில் அனுப்பலாம். என்னால் ஆகக்கூடிய உதவியைத் தெரிவியுங்கள்."

இம்மடலில் மன்னிப்பு இல்லை, குறையும் இல்லை. எது, எப்போது, ஏன் என்பவை மட்டும் உள்ளன. "தங்களுக்கு நேரமிருக்கும்போது", "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" போன்ற தொடர்கள் பணிவாகத் தோன்றினாலும், தேதியின் வலிமையைக் குறைத்துவிடுகின்றன. "ஏற்கெனவே கூறியும் தாங்கள் கவனிக்கவில்லை" என்பதோ, பதில் எழுத வேண்டியவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும். மரியாதையை விளியிலும் வினைச்சொல்லிலும் காட்டலாம்; தேதியில் குழைவு கூடாது.

திங்கள் நண்பகலில் இரண்டு கிடங்குகளின் கணக்கு வந்தது; மூன்றாவது வரவில்லை. இப்போது இரண்டாம் மடலுக்கு முன் தொலைபேசியில் பேச வேண்டும். தாமதத்தின் காரணம் பெரும்பாலும் மடலில் வாராது, பேச்சில்தான் வரும். மூன்றாம் கிடங்கின் காப்பாளர் விடுப்பில் இருக்கிறார். 11ஆம் தேதி அனுப்ப வேண்டிய சரக்கைக் கட்டுவதில் ஆட்கள் அனைவரும் ஈடுபட்டுள்ளனர் எனத் தெரிய வந்தது. செவ்வாய் நண்பகலுக்குள் முயல்வதாக ஆலைத் தலைவர் கூறினார். பேசியதை அன்றே எழுத்தில் உறுதிசெய்வதே இரண்டாம் மடல். அதில் ஒரு வரி கூடும்: "நாளை நண்பகலுக்குள் இயலாதெனில், ஆட்களை ஒதுக்குவது குறித்து நிர்வாக இயக்குநரின் முடிவை நாம் கேட்க வேண்டியிருக்கும்." மேலே கொண்டுசெல்லப்போவதை முன்கூட்டியே கூறுவதுதான் அச்செயலின் கசப்பைப் போக்குகிறது. "நாம்" என்ற சொல்லும் இங்குத் தற்செயலானதன்று.

செவ்வாய் நண்பகல் கடந்தது. இனிக் காத்திருப்பது பணிவாகாது. ஆலைத் தலைவரிடம் ஒரு சொல் தெரிவித்துவிட்டு, அவருக்கு நகலுடன் நிர்வாக இயக்குநருக்கு எழுத வேண்டும்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஆகஸ்ட் இருப்பு அறிக்கை நாளை வங்கிக்குச் சேர வேண்டும். இரு கிடங்குகளின் கணக்கை ஆலைத் தலைவர் நேற்றே அளித்துவிட்டார். காப்பாளர் விடுப்பாலும், 11ஆம் தேதிச் சரக்குப் பணியாலும் மூன்றாம் கிடங்கில் இருப்பு எண்ணப்படவில்லை. அதைச் சேர்க்காவிடில் டிராயிங் பவர் 33 லட்சமாகிவிடும். நம் நிலுவை 40 லட்சம். 12ஆம் தேதி வழங்க வேண்டிய கூலி 4 லட்சத்தை எடுக்க இயலாது. வழிகள் இரண்டு: கணக்குப் பிரிவின் இருவரும் ஆலையின் ஒரு மேற்பார்வையாளரும் இன்று மாலை எண்ணி முடிப்பது, அல்லது இரு கிடங்குகளுடன் அறிக்கை அளித்து, வங்கியிடம் தாங்கள் பேசுவது. முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன். மாலை 4 மணிக்குள் தங்கள் முடிவை வேண்டுகிறேன்."

இதிலுள்ள எண்களை விளக்குவோம். எளிமைக்காக வரவேண்டிய பாக்கிகளை விட்டுவிட்டோம். மொத்த இருப்பு 80 லட்சம். அதில் சரக்குக் கொடுத்தோருக்குச் செலுத்த வேண்டிய 20 லட்சத்தைக் கழித்தால் 60 லட்சம். 25 விழுக்காடு மார்ஜின் போக 45 லட்சம். மூன்றாம் கிடங்கின் 16 லட்சம் விடுபட்டால் இருப்பு 64. கழிவுக்குப் பின் 44. மார்ஜின் போக 33. நிலுவை அதைவிட 7 லட்சம் மிகுந்துவிடும். இவ்வளவு திட்டமாகக் கூறியபின், "மிக அவசரம்" என்ற சொல்லுக்குத் தேவையே இல்லை.

மூன்றாம் மடல் ஒருவர் மேல் புகாரன்று என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கு முந்தியா, கணக்கு முந்தியா என்ற கேள்வியை அலுவலரோ ஆலைத் தலைவரோ தனியே தீர்க்க இயலாது. தீர்க்க வல்லவரிடம் அது செல்கிறது. அனுப்புமுன் ஒரு சோதனை உண்டு: மடலிலிருந்து ஆளின் பெயரை நீக்கிப் படித்துப் பாருங்கள். கேட்கப்படும் முடிவு தெளிவாக நின்றால் அனுப்பலாம். பெயரை நீக்கியதும் சொல்ல ஒன்றுமில்லையெனில் அது புகார் மட்டுமே.

இத்தகைய நெருக்கடியில் மூன்றாம் வழியொன்று சிலருக்குத் தோன்றும்: சென்ற மாத எண்ணையே மீண்டும் எழுதிவிடுவது. சரிபார்க்காத இருப்பை உண்மை இருப்பாக அறிவிப்பது வங்கிக்குத் தவறான அறிக்கை அளிப்பதாகும். மூத்தவரைக் கேட்கத் தயங்கியதன் விலையாக அதைக் கொடுக்கலாகாது.

மாலையில் எண்ணி முடித்து, புதன்கிழமை அறிக்கை அளிக்கப்பட்டபின் நான்காவது மடல் ஒன்று உண்டு. பலர் இதை மறந்துவிடுகின்றனர். மூன்றாம் மடல் சென்ற அதே இருவருக்கும் அது செல்ல வேண்டும்: "அறிக்கை இன்று அளிக்கப்பட்டது. பரபரப்பான வேளையிலும் மேற்பார்வையாளரை அனுப்பிய ஆலைத் தலைவருக்கு நன்றி. காப்பாளர் விடுப்பில் இருந்தால் எண்ண வேண்டியவர் யார் என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம்." தாமதத்தை அறிந்தவர், அது தீர்ந்ததையும் அறிய வேண்டும். அடுத்த மாதம் 5ஆம் தேதி மீண்டும் அவரிடமே கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா?