கோதா மண்ணும் பந்தய மெத்தையும்

மல்யுத்தம் பயிலும் களத்திற்குத் தமிழில் கோதா என்று பெயர். ஒரு காரியத்தில் துணிந்து ஈடுபடுவதைக் "கோதாவில் இறங்குதல்" என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் மாவட்டம், மாநிலம், நாடு என்னும் அளவில் நடைபெறும் பந்தயங்கள் இன்று மண் கோதாவில் நடைபெறுவதில்லை. மெத்தையின் மீது நடைபெறுகின்றன. மண்ணில் பல ஆண்டு பயின்ற வாலிபன் மெத்தை மீது ஏறி, தன்னிலும் வலிமை குன்றியவனிடம் தோற்றுத் திரும்புவதைக் காண்கிறோம். "கோதாவை மூடிவிட்டு மெத்தை வாங்கிவிடலாமா?" என்று இளைஞர் மன்றத்தார் கேட்பதும் இதனாலேயே. இதற்கு விடை கூறுமுன், மண் எதைக் கற்பிக்கிறது, மெத்தை எதைக் கேட்கிறது என்று ஆராய்தல் வேண்டும்.

இதனை அறிய மகாராஷ்டிர மாநிலத்தின் கோலாப்பூரை விடச் சிறந்த இடம் இல்லை. 1894 முதல் 1922 வரை அந்த சமஸ்தானத்தை ஆண்ட சாகு மகாராஜா மல்லர்களைப் பேணி ஆதரித்தார். அவர் அமைத்த காஸ்பாக் மைதானமும், கங்காவேஸ், மோதிபாக் முதலிய தாலிம்களும் அந்நகருக்குப் பெயர் தேடித் தந்தன. தாலிம் என்பது மல்லர்கள் தங்கிப் பயிலும் கூடம்.

மண்ணைப் பதப்படுத்தும் முறை

தாலிமின் நடுவே கோதா உள்ளது. அதில் இடுவது சலித்தெடுத்த செம்மண். அதனுடன் மோர், எண்ணெய், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு, வேப்பிலை ஆகியவற்றைக் கலப்பர். ஒவ்வொரு தாலிமுக்கும் அதனதன் அளவும் வழக்கமும் உண்டு. எண்ணெயும் மோரும் மண்ணைப் புழுதியாகாமல் இளக்கமாக வைக்கின்றன.

கலவையை விட முக்கியமானது ஈரம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதுவே பதம். காலில் அப்பிக்கொண்டால் ஈரம் மிகுதி. மல்லன் கால் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொள்வான். அடியெடுத்து வைத்ததும் தூசி எழும்பினால் ஈரம் குறைவு. கண்ணிலும் மூச்சிலும் மண் புகும். குதிகாலை ஊன்றியும் பதியவில்லையெனில் மண் இறுகிவிட்டது என்று பொருள். அத்தகைய கோதாவில் எவரையும் தூக்கி எறிதல் கூடாது.

மண் இறுகாதிருக்க நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திக் கிளறுகின்றனர். பின்னர் ஒரு கனத்த பலகையின் மீது ஒருவனை நிறுத்தி, மற்றொருவன் கயிறு கட்டி இழுத்துச் சமன் செய்கிறான். இது வேலையாள் செய்யும் பணியன்று. மல்லர்களே முறை வைத்துச் செய்கின்றனர். குனிந்து கொத்தி மண்ணைத் தன்பால் இழுக்கும் அதே அசைவுதான் எதிரியின் கழுத்தையும் காலையும் தன்பால் இழுப்பதற்கு வேண்டும். எனவே இடுப்பும் முதுகும் தோளும் பிடி தொடங்குமுன்னரே பயிற்சி பெற்றுவிடுகின்றன. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இதற்குத் துணை.

மஞ்சளும் வேம்பும் கலந்த மண் காயத்தைத் தானே ஆற்றும் என்று நம்பியிருத்தல் தவறு. சிராய்ப்புப் பட்டால் மண்ணைக் கழுவி மருந்திட வேண்டும். மண்ணில் பயில்வோர் இரணஜன்னித் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

காலும் கையும்

மண்ணுக்கும் மெத்தைக்கும் முதல் வேறுபாடு காலில் உள்ளது. மண்ணில் வெறுங்கால் பதிகிறது. ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருப்பதால் தொடை உரம் பெறுகிறது. ஆனால் வேகம் குறைகிறது. அங்கு மல்லன் நிமிர்ந்து நின்று, எதிரியின் கழுத்தையும் தோளையும் பற்றி, நெடுநேரம் அவன் பலத்தைச் சோதிப்பான். மெத்தையோ ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் தடிப்புள்ள நுரைப்பொருள். மேலே வழவழப்பான உறை. அதன்மேல் கணுக்காலைக் காக்கும் காலணி அணிந்து விரைந்து பாயலாம். முழங்காலை மெத்தையில் சறுக்கி எதிரியின் காலைக் கவ்வும் தாக்குதல் அங்குச் சிறப்பாகச் செல்லும். மண்ணில் அதே பாய்ச்சல் முழங்கால் புதைந்து பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே மண் மல்லன் அத்தாக்குதலைப் பழகுவதுமில்லை, தடுக்கக் கற்பதுமில்லை.

இரண்டாவது வேறுபாடு கையில். கோதாவில் மண்ணை அள்ளித் தன் உடலிலும் எதிரியின் உடலிலும் தேய்ப்பது வழக்கம். அது வியர்வையை உறிஞ்சிப் பிடிக்கு உதவும். எதிரியின் லங்கோட்டைப் பற்றித் தூக்குவதும் அங்கே செல்லும். மெத்தையில் உடையைப் பற்றுவது குற்றம். வியர்வையால் உடல் வழுக்கும். விரல்களால் மட்டும் பற்றிப் பழகியவன் அங்கே பிடியிழப்பான். எதிரியின் உடலைச் சுற்றித் தன் இரு கைகளையும் ஒன்றோடொன்று பூட்டப் பழகியவன் நிலைப்பான்.

தோல்வி என்பது எது?

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு விதியில் உள்ளது. மண்ணில் எதிரியின் முதுகைத் தரையில் சாய்த்து "வானம் காட்டினால்" வெற்றி. மற்றவை கணக்கில் இல்லை. பழைய முறையில் கால வரையறையும் இல்லை. எனவே கீழே விழுந்தவன் குப்புறப் படுத்து, கைகால்களை அகட்டி, மண்ணோடு ஒட்டிக்கொள்வான். அது தோல்வியன்று, இளைப்பாறும் இடம்.

மெத்தையில் முதுகு சாய்த்தால் வெற்றிதான். ஆனால் அதற்கு முன்பே ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி உண்டு. பந்தயம் மூன்று மூன்று நிமிடங்களாக இரு பகுதிகள். இடையே 30 விநாடி ஓய்வு. களம் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். எதிரியைக் கீழே கொணர்ந்து அடக்கினால் 2 புள்ளி. அவன் முதுகை மெத்தைப் பக்கமாகத் திருப்பினால், தோள் படாவிடினும் 2 புள்ளி. வட்டத்திற்கு வெளியே கால் வைக்கச் செய்தால் 1 புள்ளி. சுதந்திரப் பாணியில் 10 புள்ளி முந்தினால் பந்தயம் அப்போதே முடிந்துவிடும்.

ஒரு பந்தயத்தை மனத்தில் நடத்திப் பார்ப்போம். மண்ணில் பயின்றவன் நிமிர்ந்து நிற்கிறான். மெத்தையில் பயின்றவன் தாழ்ந்து பாய்ந்து காலைக் கவ்வி, பின்புறம் சென்று அடக்குகிறான், 2 புள்ளி. மண் மல்லன் வழக்கப்படி குப்புறப் படுத்து மூச்சு வாங்குகிறான். மற்றவன் அவன் இடுப்பைக் கட்டிப் பூட்டித் தன்னோடு சேர்த்து உருட்டுகிறான், 2 புள்ளி. மீண்டும் ஒரு முறை உருட்டுகிறான், 2 புள்ளி. எழுந்த பின் வட்டத்திற்கு வெளியே தள்ளுகிறான், 1 புள்ளி. ஆக ஏழு. பிறகு மண் மல்லன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இடுப்பில் ஏற்றி, எதிரியை முதுகுபடத் தூக்கி எறிகிறான், 4 புள்ளி. ஆயினும் எறியப்பட்டவன் புரண்டு தப்புகிறான், நேரம் முடிகிறது. ஏழுக்கு நான்கு என்று மண் மல்லன் தோற்கிறான். கோதாவிலாயின் அந்த ஏழில் ஒன்றுகூட எண்ணப்பட்டிராது.

அவனிடம் வலிமைக் குறைவு இல்லை. அவன் இளைப்பாறிய இடத்தில்தான் பந்தயம் கைவிட்டுப் போயிற்று.

காஷாபா ஜாதவ் கற்ற பாடம்

இதற்குச் சான்று காஷாபா ஜாதவ். சாத்தாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் கிராமத்தில் மல்லர் குடும்பத்தில் பிறந்து, கோலாப்பூரில் கல்லூரியில் பயின்றவர். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். மண்ணில் வளர்ந்த அவருக்கு மெத்தையும் புதிது, சர்வதேச விதிகளும் புதியவை. அங்கு ஆறாவது இடம் பெற்றார். அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த விதிகளுக்கேற்ப உழைத்தார். 1952-இல் ஹெல்சிங்கியில் 57 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். சுதந்திர இந்தியா பெற்ற முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

அங்கே அவர் கனடா நாட்டு வீரரை முதுகு சாய்த்து வென்றது 14 நிமிடங்களுக்குப் பிறகு. அன்றைய பந்தயம் 15 நிமிடம் நீடித்தது. கோதாவில் விளைந்த பொறுமைக்கும் மூச்சு வலிமைக்கும் அந்தக் காலவரை இடமளித்தது. இன்றைய ஆறு நிமிடத்தில் அத்தகைய வெற்றிக்கு வாய்ப்பில்லை. ஆகவே ஜாதவ் அன்று கற்றதைக் காட்டிலும் இன்றைய மண் மல்லன் மிகுதியாகவே மாற வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தார் மண்ணைக் கைவிடவில்லை. 1961 முதல் நடைபெற்று வரும் "மகாராஷ்டிர கேசரி" பந்தயத்தில் இன்று மண்ணுக்கு ஒரு பிரிவும் மெத்தைக்கு ஒரு பிரிவும் உள்ளன. இரு பிரிவிலும் வென்றோர் இறுதியில் மோதுகின்றனர். கோலாப்பூரின் தாலிம்கள் பலவற்றில் கோதாவும் மெத்தையும் அடுத்தடுத்து உள்ளன.

மன்றத்தார் செய்யத்தக்கவை

கோதாவை மூட வேண்டாம் என்பதே நம் விடை. உடலுரத்திற்கும், விழுந்து பழகுவதற்கும், எறியும் வித்தைகளைத் தொடக்கத்தில் கற்பதற்கும் இளகிய மண்ணே ஏற்றது. காலையில் மண்ணும் மாலையில் மெத்தையும் என்று பிரித்துக்கொள்ளலாம். பந்தயத்திற்குச் சில வாரங்கள் முன்பிருந்து மெத்தைப் பயிற்சியே மிகுதியாக இருத்தல் நலம்.

மெத்தை வாங்கப் பணம் இல்லாத மன்றமும் விதிகளைக் கற்கலாம். சமமான புல்தரையில் சுண்ணாம்பினால் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம் இடுக. கடிகாரம் வைத்து, ஒருவர் புள்ளிகளை உரக்கச் சொல்ல, நின்ற நிலையில் தள்ளுவதையும் வட்டத்திற்குள் நிற்பதையும் பழகுக. அக்கடினத் தரையில் தூக்கி எறிதல் மட்டும் கூடவே கூடாது. குப்புற விழுந்ததும் படுத்துக்கொள்ளாமல் உடனே முழங்காலிட்டு எழுந்து திரும்பும் பழக்கத்தைக் கோதாவிலேயே தொடங்கிவிடலாம்.

மெத்தை வந்த பின் அதை மண்ணின் மீது விரித்தல் தவறு. ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். கூரையின் கீழ்ச் சமமான சிமெண்ட் தளத்தில் விரித்து, நாள்தோறும் கிருமிநாசினி கொண்டு துடைக்க வேண்டும். வெளியே நடந்த காலணியோடு அதன்மேல் ஏறலாகாது. தோலில் வட்ட வட்டமாய்ச் சிவந்து அரிப்பெடுத்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை அவரை மெத்தையில் இறக்காதிருத்தல் மற்றவர்க்குப் பாதுகாப்பு.

ஆறு மாதம் சென்றபின் மன்றத்தார் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தம் மல்லனை மெத்தையில் கீழே தள்ளச் செய்து, அவன் என்ன செய்கிறான் என்று கவனிக்கட்டும். இன்னும் குப்புறப் படுத்து மூச்சு வாங்குவானாயின், அவனைப் பந்தயத்திற்கு அனுப்பும் நாள் இன்னும் வரவில்லை.