‘சரிசெய்யவும்’ என்று முடிக்காதே



தம்பி, ஆனேக்கல் தொழிற்சாலைக்கு நீ அனுப்பிய நிராகரிப்புத் தாளைப் படித்தேன். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த பருத்திக் கட்டம், ஆண்கள் முழுக்கைச் சட்டை, தைத்த பிறகு வாஷ். பதினொரு வரி எழுதியிருக்கிறாய். அந்த பிபி சேம்பிளைத் திருப்பி அனுப்பியது சரியான முடிவு, அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்தப் பதினொரு வரிகளோடுதான். கம்பெனி பெயரையும் ஸ்டைல் நம்பரையும் விட்டுவிட்டு இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் அத்திப்பள்ளியிலும் உட்கார்ந்து இதே மாதிரித் தாள் எழுதுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

முதல் வரியைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. ‘மெயின் லேபிள் 2 மி.மீ. சாய்ந்துள்ளது.’ சட்டையைக் கையில் எடுத்து, கழுத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். கண் போன வரிசையில் கை போயிருக்கிறது. பல்க் வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை. துணி, பேட்டர்ன், கட்டிங், ஃபியூசிங், தையல், வாஷ், ஃபினிஷிங் என்று போகிறது. லேபிளை மூவாயிரம் சட்டை தைத்த பிறகும் பிரித்து நேராக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. ஆகவே எது திரும்பி வராதோ அது முதல் வரியில் இருக்க வேண்டும். உன் தாளில் கட்டம் பொருந்தாத விஷயம் ஒன்பதாவது வரியில் கிடக்கிறது. அவசரத்தில் இருக்கும் சேம்பிள் ரூம் மேல் நாலு வரியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடும்.

இனி மூன்றாவது வரி. ‘காலர் சிறியது, 0.8 செ.மீ. கூட்டவும்.’ எண் எழுதியிருக்கிறாயே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஆறாவது வரிக்கு வந்ததும் அது போய்விட்டது. ‘பின் கழுத்தில் சுருக்கம், தையலைச் சரிசெய்யவும்.’ இந்த இரண்டும் இரண்டு குறைகள் என்று நீ நம்புகிறாய். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் புதிதாக ஒரு காலர் பேண்டை வெட்டி, ஒவ்வொரு படியிலும் அளந்து அனுப்பச் சொன்னேன்.

நீ அனுப்பிய அளவுகளை வரிசையாக வைத்துப் பார். பட்டன் நடுவிலிருந்து காஜா நடுவரை, பேட்டர்ன் தாளில் 41 செ.மீ. வெட்டிய துணியிலும் 41. ஃபியூசிங் மெஷினிலிருந்து வெளியே வந்ததும் 40.3. தைத்து முடித்தபின் 40.2. வாஷுக்குப் பிறகு 39.2. ஸ்பெக் ஷீட் கேட்பது வாஷுக்குப் பின் 40, கூடக் குறைய அரை சென்டிமீட்டர் வரை பரவாயில்லை.

வாஷில் 1 செ.மீ. போகும் என்று தெரிந்துதான் பேட்டர்ன் மாஸ்டர் 41 வைத்திருக்கிறார். அவர் கணக்கில் பிழை இல்லை. வாஷும் அவர் சொன்னபடியே சுருக்கியிருக்கிறது. இடையில் 0.7 செ.மீ. சூட்டில் போய்விட்டது. கிட்டத்தட்ட 1.7 சதவீதம். பிரஸ்ஸில் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே நான் மெஷினை நிறுத்திவிட்டு விசாரிப்பேன். இப்போது பின் கழுத்துக்கு வா. பாடியின் கழுத்து வளைவுக்குள் ஃபியூசிங் இல்லை. அது பிரஸ்ஸுக்குப் போகவில்லை, சுருங்கவும் இல்லை. 41-க்கு வெட்டிய வளைவை 40.3-க்குச் சுருங்கிய பேண்டில் பொருத்தித் தைக்கச் சொன்னால் லைனில் தைக்கும் பெண் மிச்சத் துணியை எங்கே கொண்டுபோவாள்? பின் கழுத்தில் சுருக்கமாகத்தான் வைப்பாள். அவள் தையலில் ஒரு குற்றமும் இல்லை. குறை ஒன்றுதான், உன் தாளில் அது இரண்டு வரியாகி, இரண்டும் தவறான ஆளைத் தேடிப் போகிறது.

நீ எழுதியபடி செய்திருந்தால் என்ன ஆகும்? மாஸ்டர் பேண்டையும் கழுத்து வளைவையும் 0.8 கூட்டி 41.8 ஆக்குவார். அடுத்த சேம்பிளில் கழுத்து அளவு 40 வந்துவிடும், நீயும் கையெழுத்துப் போட்டுவிடுவாய். சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு பல்க்கில் ஃபியூசிங் ஆப்பரேட்டர் எவரோ சூட்டைச் சரியாக வைத்துவிடுவார். அந்த 0.7 திரும்பி வரும், கழுத்து 40.7-இல் போய் நிற்கும். சின்னதாக இருந்த காலர் பெரிதாகி மறுபடி அளவு தாண்டும். யாருக்கும் காரணம் புரியாது.

அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘கழுத்து வாஷுக்குப் பின் 39.2, வேண்டியது 40. பேட்டர்னைத் தொட வேண்டாம். ஃபியூசிங்கில் பேண்ட் 0.7 சுருங்குகிறது. கேன்வாஸ் சப்ளையர் கொடுத்த சூடு, நேரம், அழுத்தம் மூன்றையும் மெஷினில் சரிபார்க்கவும். அப்படியும் சுருங்கினால், துணியைப் பெரிய துண்டாக ஃபியூஸ் செய்து, அதன்பின் பேண்டை வெட்டவும். பின் கழுத்துச் சுருக்கமும் இதனால் வந்ததே.’

மெஷினின் டயல் காட்டும் சூட்டை நம்பச் சொல்லாதே. சூடு அறியும் காகிதப் பட்டையைத் துணிக்கும் கேன்வாஸுக்கும் நடுவே வைத்து உள்ளே விடச் சொல். பசை இருக்கும் இடத்தில் எவ்வளவு சூடு என்று அதுதான் சொல்லும். சுருங்குகிறதே என்று பயந்து சூட்டை ஒரேயடியாகக் குறைத்தால் பசை பிடிக்காது, வாஷில் காலர் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். ஆகவே சூட்டை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை வாஷ் செய்து, கையால் பிரித்துப் பார்க்க வேண்டும். இதையும் அதே வரியில் எழுது.

ஓசூர் ரோட்டில் மேம்பாலம் வராத காலத்தில், கோட்டா முறை இருந்தபோது, நான் இந்த வேலைக்கு வந்தேன். பையரின் குறிப்புகள் ராத்திரி ஃபேக்ஸில் வரும். காலையில் போனால் அந்தச் சுருட்டுத் தாள் தரையில் நீண்டு கிடக்கும், சில நாளில் எழுத்து வெளிறிவிடும் என்று முதல் வேலையாக ஜெராக்ஸ் எடுப்போம். கோட்டா முடிவதற்குள் கப்பல் ஏற்றியாக வேண்டும். ஒரு சேம்பிள் கூடுதலாகப் போய் வந்தால் சரக்கு விமானத்தில்தான் போகும், லாபம் அதோடு போயிற்று. 2004 முடிவோடு கோட்டா போனது, அந்தப் பதைப்பு மட்டும் எனக்குப் போகவில்லை. அப்போது ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். குறிப்புத் தாளை நான் நீட்டினால் கையில் வாங்க மாட்டார். ‘இதுல எது எனக்கு, எது டெய்லருக்கு, எது துணிக்காரனுக்குன்னு பிரிச்சுக் குடுங்க சார், அப்புறம் பேசலாம்’ என்பார். திமிர் என்று மேனேஜர்கள் சொல்வார்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த திமிர் அது.

உன் ஒன்பதாவது வரியை அவரிடம் காட்டியிருந்தால் கிழித்திருப்பார். ‘செக் மேட்சிங் இம்ப்ரூவ் பண்ணவும்.’ எந்த இடத்தில்? முன் பிளாக்கெட்டிலா, பாக்கெட்டிலா, காலரின் இரண்டு முனையிலா, பக்கத் தையலிலா? ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. பிளாக்கெட்டும் பாக்கெட்டும் பொருந்த வேண்டும் என்பது விலை பேசும்போதே இருந்திருக்கும். பக்கத் தையலிலும் பொருந்த வேண்டும் என்று இப்போது சொன்னால் மார்க்கரில் துண்டுகள் தள்ளித் தள்ளிப் போகும், துணி கூடுதலாகச் செலவாகும். சட்டைக்கு 5 செ.மீ. கூடினாலே 12,000 சட்டைக்கு 600 மீட்டர். நூல் சாயத் துணியைக் கடையில் போய் வாங்க முடியாது. திரும்பச் சாயம் போட்டு, திரும்ப நெய்ய வேண்டும். ‘இம்ப்ரூவ்’ என்ற ஒரு சொல்லில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

அதோடு, பொருந்தாமைக்குக் காரணம் வெட்டியவர்தானா என்று நீ பார்க்கவில்லை. சட்டையின் முதுகை மேஜையில் விரித்து, குறுக்குக் கோடு ஒன்றை இடமிருந்து வலம் கண்ணால் பின்தொடர். நேராகப் போனால் வெட்டில் குறை. வில்லாக வளைந்தாலோ சாய்ந்தாலோ துணி மில்லிலேயே கோணலாகிவிட்டது, எந்த மாஸ்டராலும் பொருத்த முடியாது. கோணல் துணியை லே போட விடக் கூடாது. இன்னொன்று: சேம்பிள் சட்டையை ஒற்றை அடுக்கில், ஒருவர் கண் பார்த்து வெட்டியிருப்பார். பல்க்கில் பல அடுக்கு. எனவே ‘எந்தெந்த இடத்தில், எத்தனை மி.மீ.க்குள்’ என்று எழுதிவிட்டு, ‘ஊசி மேஜையில் கோட்டோடு கோடு குத்தி லே போட்டு, அந்த லேயிலிருந்தே அடுத்த சேம்பிளை எடுத்து அனுப்பவும்’ என்றும் கேள்.

எண்களையும் இடங்களையும் நான் இப்படிப் பிடித்துத் தொங்குவதற்கு ஆனேக்கலில் ஒரு கூடுதல் காரணம் உண்டு. உன் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டிங்கில் இருப்பவர் இந்தி பேசுவார், லைனில் இருக்கும் பெண்களுக்குக் கன்னடம், சூப்பர்வைசர் நம் ஊர்க்காரராக இருப்பார். ‘இம்ப்ரூவ்’, ‘நீட்’, ‘பெட்டர்’ எல்லாம் இரண்டு வாய் மாறினால் காணாமல் போய்விடும். ‘வாஷுக்குப் பின் 40’ எத்தனை வாய் மாறினாலும் 40 தான்.

இவ்வளவு திட்டியபின் பத்தாவது வரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘இடது கைப் பிளாக்கெட் வலதைவிட 1.5 செ.மீ. குட்டை. இடது கைப் பேட்டர்னில் நாட்ச் இல்லை, டெய்லர் உத்தேசமாக வைத்துள்ளார். நாட்ச் போட்டு, எல்லா சைஸிலும் சரிபார்க்கவும்.’ அபாரம், தம்பி! அளவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, திருத்த வேண்டிய ஆள் இருக்கிறார், மற்ற சைஸ்களையும் மறக்கவில்லை. நீ எழுந்து பேட்டர்ன் ரூமுக்கு நடந்து போயிருக்கிறாய். பெரிய பையிங் ஆபீஸ்களில் இருபது வருடம் கழித்தவர்கள்கூட இப்படி ஒரு வரி எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. பத்தாவது வரியை எழுதியவன் எப்படி ஒன்பதாவதை எழுதினான் என்பதுதான் என் கோபமே.

தாளைத் திரும்ப எழுது. துணியில் தொடங்கி ஃபினிஷிங்கில் முடி. வெட்டுவதற்கு முன் மறுபடி காட்ட வேண்டியவற்றையும், பல்க்கிலேயே திருத்திக்கொள்ளலாம் என்பவற்றையும் தனித்தனியாகப் பிரி. லேபிள் இரண்டாவதில் போகும். அளந்து சரியாக இருந்த இடங்களையும் ஒரு வரியில் எழுதிவிடு, இல்லையென்றால் அவர்கள் அவற்றையும் மாற்றி வைப்பார்கள். வாஷ் செய்யாத சட்டை ஒன்று, செய்தது ஒன்று, இரண்டையும் 40 சைஸில் கேள். அந்த இரண்டும் உன் கைக்கு வந்து, காலரும் கட்டமும் சரி என்று நீ கையெழுத்துப் போடும்வரை ஆனேக்கலில் ஒரு லேயிலும் கத்தி இறங்கக் கூடாது.